பிஐபி கையில் வந்த முதல் இரண்டு வாரம்

"ஆறு வருடமாக ஒரே கம்பெனியில் இருக்கிறேன். போன வாரம் மேனேஜரும் ஹெச்ஆரும் சேர்ந்து கூப்பிட்டு, வேலையில் உள்ள குறைகளை 60 நாளில் சரிசெய்து காட்டச் சொல்லும் திட்டம் ஒன்றை, அதாவது பிஐபி, கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். வெளியே அனுப்ப முடிவு செய்துவிட்டுத்தான் இதைக் கொடுப்பார்கள் என்கிறார்கள் நண்பர்கள். எதிர்த்து நிற்பதா, செய்து காட்டுவதா, இல்லை இப்போதே ராஜினாமா கொடுத்துவிடுவதா?"

கையெழுத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், வெள்ளிக்கிழமை கிட்டத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'பெற்றுக்கொண்டேன், படித்தேன்' என்ற அளவில் இருந்தால் தயங்காமல் போடலாம். அதில் உள்ள குறைகளை ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை. 'இந்த மதிப்பீட்டை ஏற்கிறேன்' என்கிற மாதிரி இருந்தால், 'பெற்றுக்கொண்டேன். உள்ளடக்கம் பற்றிய என் கருத்தைத் தனியாக எழுதித் தருகிறேன்' என்று பக்கத்திலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். திரையில் பொத்தானை அழுத்தும் கையெழுத்து என்றால், இதே வரியை மெயிலில் அனுப்பிவிட்டுப் பிறகு அழுத்துங்கள். போடவே மாட்டேன் என்று வீம்பு பிடிப்பதில் பிரயோஜனம் இல்லை. 'ஊழியர் கையெழுத்திட மறுத்தார்' என்று ஒரு குறிப்பு எழுதிவைத்துவிட்டு 60 நாளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். நான் மேனேஜராக இருந்து பிஐபி எழுதியிருக்கிறேன். ஒரு முறை வாங்கியும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். உங்கள் முடிவுக்குத் தேவையான தகவல் இன்னும் உங்கள் கையில் இல்லை. முதல் இரண்டு வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலையே அந்தத் தகவலை வரவழைப்பதுதான்.

பிஐபி காகிதத்தை இரண்டு பேர் படிப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதுவார்கள். ஒருவர் நீங்கள். இன்னொருவர், நாளை உங்களை அனுப்பி, நீங்கள் வழக்குப் போட்டால் அந்தக் கோப்பைப் புரட்டப்போகிற வக்கீல். உங்களை மனதில் வைத்து எழுதியது என்றால் நீங்கள் என்ன செய்தால் போதும் என்பது அதில் தெளிவாக இருக்கும். கோப்புக்காக எழுதியது என்றால் நீங்கள் என்ன தவறு செய்தீர்கள் என்பது பக்கம் பக்கமாக இருக்கும், என்ன செய்தால் தப்பிக்கலாம் என்பது மட்டும் மங்கலாக இருக்கும். நண்பர்கள் சொல்வது முழுப் பொய் அல்ல, நிறைய பிஐபி இரண்டாவது வகைதான். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. உங்களுடையது எது என்பதைக் காகிதத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். காகிதத்தைத் திருத்தச் சொன்னால் மேனேஜர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்து அனேகமாக உறுதியாகவே சொல்லிவிடலாம்.

வேறு துறையில் இருந்த ஒரு தோழிக்கு இப்படித்தான் செய்தோம். வாராந்திர அறிக்கைகள் தயாரிப்பதும், அவற்றைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அவள் வேலை. உங்களைப் போலவே 60 நாள். மூன்று இலக்குகள் கொடுத்திருந்தார்கள். ஒரு காகிதத்தை நடுவில் கோடு போட்டு, ஒவ்வொரு இலக்குக்கும் மூன்று கேள்வி எழுதினோம். இதை எதை வைத்து அளப்பார்கள்? அது முழுக்க அவள் கையில் இருக்கிறதா? 60 நாளுக்குள் அளந்து முடிக்க முடியுமா?

முதல் இலக்கு, 'அறிக்கைகள் அனைத்தும் பிழையின்றி, உரிய நேரத்தில்.' முந்தைய மூன்று மாதத்தில் 13 அறிக்கை போயிருந்தது. மூன்று தாமதம், இரண்டில் எண் தவறு. தாமதமான மூன்றில் இரண்டுக்குக் காரணம், இன்னொரு குழுவிடமிருந்து புதன்கிழமை வர வேண்டிய தரவு வியாழன் இரவுதான் வந்தது. மூன்றாவது அவளுடைய தவறுதான், மறுக்க முடியாது. 'பிழையே இருக்கக் கூடாது' என்பது அந்தக் குழுவில் யாருமே எட்டாத அளவுகோல். ஒரு கமா இடம் மாறினால் அவள் தோற்றதாக அறிவித்துவிடலாம்.

இரண்டாவது, 'பொறுப்பெடுத்துச் செயல்பட வேண்டும்.' இதை அளக்கவே முடியாது. எந்தச் சம்பவத்தை வைத்து இதை எழுதினீர்கள் என்று கேட்டபோது, ஒரு வாடிக்கையாளரின் மெயிலுக்கு நான்கு நாள் பதில் போகவில்லை என்றார் மேனேஜர். அதில் இரண்டு நாள் அவள் அனுமதி வாங்கிய விடுப்பில் இருந்தாள். மீதி இரண்டு நாள் அவள் மறந்துபோனது.

மூன்றாவதுதான் சுவாரசியம். வாடிக்கையாளர் திருப்தி மதிப்பெண்ணை 3.6-லிருந்து 4.2-க்கு உயர்த்த வேண்டும். எண் இருக்கிறது, பார்த்தால் கச்சிதமான இலக்கு மாதிரி தெரியும். ஆனால் அந்தக் கருத்துக் கணிப்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். அடுத்த முடிவு வருவது திட்டம் முடிந்து ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து. அதாவது அவள் என்ன செய்தாலும் 60-வது நாளில் அந்த இலக்கு 'நிறைவேறவில்லை' என்றுதான் இருக்கும். எழுதியவர் இதைக் கவனிக்காமல் எழுதியிருக்கலாம், தெரிந்தே எழுதியிருக்கலாம். எது என்று கேட்டால்தான் தெரியும்.

நான்காம் நாள் அவள் மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் ஒரு மெயில் அனுப்பினாள். அதில் புகார் இல்லை, தன்னிலை விளக்கமும் இல்லை. 'இலக்குகளை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன்' என்று தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் மாற்று வாசகம் எழுதியிருந்தாள். திட்டக் காலத்தில் வரும் எட்டு அறிக்கைகளும் வெள்ளி மதியத்துக்குள் போகும். தரவு புதன் மாலைக்குள் வராவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் தெரிவிப்பேன், தாமதமான அளவு எனக்கும் நேரம் சேர்க்கப்படும். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டிய அறிக்கை ஒன்றுக்கு மேல் போகாது. வாடிக்கையாளர் மெயிலுக்கு ஒரு வேலை நாளுக்குள் பதில். விடுப்பு நாட்களில் யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மூன்றாவதற்கு, கணிப்பு முடிவு 60 நாளுக்குள் வராது என்பதால், திட்டக் காலத்தில் முடித்த கேள்விகளில் எத்தனை மறுபடி திறக்கப்படுகின்றன என்பதை அளவாக வைக்கலாமா? கடைசியில் ஒரே ஒரு கேள்வி: 'இவை நிறைவேறினால் திட்டம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாமா? அதை முடிவு செய்பவர் யார்?'

நீங்களும் இந்த மெயிலை அனுப்புங்கள், அதுவும் முதல் வாரத்துக்குள். தப்பிக்க வழி தர நினைக்கும் மேனேஜர் இதைப் பார்த்தால் நிம்மதிப் பெருமூச்சு விடுவார். பிஐபி எழுதுவது மேனேஜருக்கும் சள்ளைபிடித்த வேலை. நான் எழுதிய ஒன்றில் அந்தப் பையன் இப்படித்தான் இலக்குகளைத் திருத்திக்கொண்டு வந்தான். என் வாசகத்தைவிட அவனுடையது தெளிவாக இருந்தது, அப்படியே மாற்றினேன். திட்டத்தை முடித்துவிட்டு அதே குழுவில் இரண்டு வருடம் இருந்தான். கோப்பு நிரப்புகிற மேனேஜரிடம் வேறு மாதிரி பதில் வரும். 'எழுதியிருப்பது தெளிவாகத்தான் இருக்கிறது', 'இதையெல்லாம் மெயிலில் வேண்டாம், நேரில் பேசிக்கொள்ளலாம்', 'ஹெச்ஆர் படிவம், மாற்ற முடியாது.' அல்லது பதிலே வராது.

தோழிக்கு இரண்டும் கலந்து வந்தது. முதல் இரண்டு இலக்கையும் இரண்டே நாளில் மாற்றிக்கொடுத்தார்கள். மூன்றாவதைத் தொட மறுத்துவிட்டார்கள். யார் முடிவு செய்வார் என்ற கேள்விக்கு, 'எல்லாவற்றையும் கருத்தில்கொண்டு நிர்வாகம் தீர்மானிக்கும்' என்று ஒரு வரி. அப்புறம் இரண்டாம் வாரத்தில் வாராந்திரச் சந்திப்பை மேனேஜர் ஒத்திவைத்தார், மூன்றாம் வாரத்திலும் ஒத்திவைத்தார். அதே வாரம், இன்னொருவருக்கு அவளுடைய அறிக்கையைச் 'சும்மா ஒரு மாற்று ஏற்பாடாக' கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். இதில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்தால் பெரிய விஷயமில்லை. மூன்றும் சேர்ந்து வந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. திருத்த நினைக்கிற ஆளை யாரும் சந்திக்காமல் விடமாட்டார்கள். அவர் வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லவும் மாட்டார்கள்.

இந்தச் சமயத்தில் சங்கடமான இன்னொரு கேள்வியையும் நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்: எழுதியிருப்பதில் எவ்வளவு உண்மை? எனக்கு வந்த பிஐபியைப் படித்தபோது முதல் மூன்று நாள் கோபம்தான். நான்காம் நாள் கூட வேலை பார்த்த ஒருவரிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, 'இரண்டாவது பத்தி அநியாயம். முதல் பத்தி நிஜம்தானே' என்றார். அன்றைக்கு அவரிடம் பேசப் பிடிக்கவில்லை, ஆனால் முதல் பத்தி நிஜம்தான். குறை உண்மை, திருத்தக்கூடியது, மேனேஜரும் இலக்கைத் தெளிவாக்கத் தயார் என்றால் உழைத்து முடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. குறை உண்மையாக இருந்து, இந்த வேலையே உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், 60 நாள் பல்லைக் கடித்துத் தேறினாலும் ஆறு மாதத்தில் அதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

செய்து முடிப்பது என்று தீர்மானித்தால் ஒரு பழக்கத்தை விடாதீர்கள். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றே ஐந்தாறு வரி மெயில் அனுப்புங்கள்: எந்த இலக்கு எங்கே நிற்கிறது, மேனேஜர் என்ன சொன்னார், அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறீர்கள். 'நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்' என்று முடியுங்கள். சந்திப்பு நடக்காவிட்டாலும் அந்த வார நிலையை எழுதி அனுப்புங்கள். ஏழு வாரம் 'சரியாகப் போகிறது' என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எட்டாவது வாரம் 'முன்னேற்றம் போதவில்லை' என்று எழுதுவது அந்த மெயில்கள் கிடக்கும்போது கடினம். கூடவே, திட்டத்தில் இல்லாத கூடுதல் வேலைகளைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். நல்ல பெயர் வாங்க எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுதிவைத்த இலக்கைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயோ வேறு அவசியமோ வந்து விடுப்பு எடுக்க நேர்ந்தால், அத்தனை நாளைத் திட்டக் காலத்தோடு சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

தேறினால் பழைய நிலைமை அப்படியே திரும்பிவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள். அந்த வருட ரேட்டிங்கும் போனஸும் அடிபடலாம். வேறு துறைக்கு மாறக் கொஞ்ச காலம் தடை இருக்கலாம். திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், குறிப்பிட்ட மாதங்களுக்குள் மறுபடி சறுக்கினால் புதிய திட்டம் தரப்படாது, நேரடி நடவடிக்கைதான் என்று ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் அந்தப் பக்கம் வரை போவதில்லை.

எதிர்ப்பது பற்றி நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். 'இது நியாயமில்லை' என்பது மட்டும் வலுவான காரணம் ஆகாது. மேனேஜர் கறாரானவர், தனக்கு வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுபவர், ஆளைப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் எரிச்சலூட்டும், ஆனால் பெரும்பாலான இடங்களில் சட்டப்படி அவை செல்லுபடியாகாது. எதிர்ப்பு எடுபடுவது, வேலைத்திறனுக்கு வெளியே ஒரு காரணம் இருப்பதைத் தேதிகள் காட்டும்போதுதான். துன்புறுத்தல் பற்றிப் புகார் கொடுத்தீர்கள், ஐந்து வாரத்தில் பிஐபி வந்தது. மகப்பேறு விடுப்போ மருத்துவ விடுப்போ முடிந்து திரும்பினீர்கள், அதே மாதம் வந்தது. கணக்கில் கோளாறு என்று மேலிடத்துக்கு எழுதினீர்கள், அதுவரை நன்றாக இருந்த ரேட்டிங் திடீரென்று விழுந்தது. இப்படி ஏதாவது இருந்தால் ஒரே பக்கத்தில் தேதிவாரியாக எழுதி, ஹெச்ஆருக்கு அனுப்பும் முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். இந்த வகைப் புகார்களுக்குக் காலக்கெடு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். ஹெச்ஆர் கனிவாகப் பேசலாம், அவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பார்ப்பது கம்பெனியின் வேலையை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆதாரம் சேர்க்கிறேன் என்று அலுவலக மெயில்களையும் கோப்புகளையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். பிஐபியால் ஆகாததை அந்த ஒரு செயல் செய்துவிடும். ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோனார் என்று அதே வாரம் அனுப்பிவிடலாம். என்ன நடந்தது, என்றைக்கு, யார் இருந்தார்கள் என்பதை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். உங்களுக்கென்று கொடுத்த நியமனக் கடிதம், பழைய அப்ரைசல் கடிதங்கள் போன்றவற்றின் நகல் இருந்தால் எடுத்து வையுங்கள். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வது சில இடங்களில் குற்றம், விசாரிக்காமல் இறங்காதீர்கள்.

அடுத்து, கிளம்புவது. இன்றைக்கே ராஜினாமா கொடுப்பதுதான் மூன்று வழிகளிலும் மோசமானது. அதில் அவர்களுக்கு எல்லாமே கிடைத்துவிடுகிறது, உங்களுக்கு எதுவும் இல்லை. சம்பளத்தோடு வேலை தேட இருக்கிற இரண்டு மாதம் போகிறது. நீங்களாகவே விலகினால் இழப்பீடு கேட்கும் வாய்ப்பு குறைகிறது. சில நாடுகளில் வேலையிழந்தோருக்கான உதவித்தொகையும் கிடைக்காது. குடும்பக் காப்பீடும், வெளிநாட்டில் இருந்தால் விசாவும் வேலையோடு கட்டப்பட்டிருக்கும். ஆகவே தேடலை முதல் வாரத்திலிருந்தே தொடங்குங்கள், திட்டத்தை முடிக்கிறவராக இருந்தாலும்கூட. 60 நாளுக்குள் அடுத்த வேலை அமையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நேர்முகத் தேர்வில் பிஐபி பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டியதில்லை. நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லாமல் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

கம்பெனி அனுப்பத்தான் போகிறது என்று தெரிந்துவிட்டால் உங்கள் கையிலும் ஒரு பேரம் இருக்கிறது. வாரா வாரம் சந்திப்பு, அறிக்கை, கடைசியில் ஒரு சச்சரவு, இதெல்லாம் இல்லாமல் முடிந்தால் அவர்களுக்கும் நல்லதுதான். தோழி நான்காம் வாரக் கடைசியில் ஹெச்ஆரைத் தனியாகப் பார்த்தாள். கேட்கிற நேரம் முக்கியம். கடைசி வாரத்தில் கேட்டால் கோப்பு நிறைந்திருக்கும், அவர்களுக்கு அவசரம் இருக்காது. 'முதல் இரண்டு இலக்கும் சரியாகப் போகின்றன. மூன்றாவதை 60 நாளில் அளக்கவே முடியாது என்று நான்காம் நாளே எழுதியிருக்கிறேன். இதை இரண்டு தரப்புக்கும் வசதியாக முடித்துக்கொள்ள முடியுமா?' என்றாள். அந்த மெயில் ஒன்றுதான் அவளுடைய பலம். நான்கு மாதச் சம்பளம் கேட்டாள், இரண்டரை மாதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். பதிவேட்டில் ராஜினாமா என்றே இருக்கும், விடுவிப்புக் கடிதத்தில் பதவியும் தேதிகளும் மட்டும் இருக்கும், பின்னால் யாராவது விசாரித்தாலும் அதற்கு மேல் சொல்ல மாட்டோம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டாள்.

ஒப்பந்தத்தை நீட்டி அங்கேயே கையெழுத்துக் கேட்டார்கள். படித்துவிட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்தி ஒன்று இருந்தது. இழப்பீடு தருகிற ஒப்பந்தத்தில் அது வழக்கமாக வருவதுதான், இருந்தாலும் வக்கீல் ஒருவர் பார்த்துச் சரி என்றார். கடைசி வேலை நாளைத்தான் நான் கவனித்தேன். வருடாந்திர போனஸுக்குத் தகுதி பெற வேண்டிய தேதிக்கு நான்கு நாள் முன்னால் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லி இரண்டு வரி மெயில் எழுதினாள். அன்று மாலையே மாற்றி அனுப்பிவிட்டார்கள்.